தலைதீபாவளிக்குப் பிறகு வரும் சண்டை

கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து கேட்டு மனுப் போட முடியாது என்கிறது 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. மனுதாரருக்கு அசாதாரணமான துன்பம், அல்லது எதிர்த்தரப்பின் மிகக் கேவலமான நடத்தை என்று காட்டினால் நீதிமன்றம் விலக்குத் தரலாம். மற்ற எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே தடை இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் குடும்ப ஆலோசகர்கள் இல்லை. ஆனாலும் முதல் வருஷத்தில் கோபத்தோடு எடுக்கிற முடிவை அவர்கள் நம்பவில்லை என்பது தெரிகிறது.

நம் வழக்கம் அந்த ஓராண்டை வேறு விதமாகக் கையாள்கிறது. புதுத் தம்பதியைச் சும்மா இருக்க விடுவதே இல்லை. மறுவீடு முடிந்ததும் பெரியப்பா வீட்டு விருந்து, பிறகு சித்தி வீட்டு விருந்து, குலதெய்வம் கோயில், ஆடி பிறந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது, அப்புறம் தலைதீபாவளி, தலைப்பொங்கல். வைகாசியில் கல்யாணமான ஒரு ஜோடி ஐப்பசி வரைக்கும் எந்த வேலையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்து கழித்திருப்பதே அபூர்வம். போகிற இடமெல்லாம் பட்டுச் சேலையும் புதுச் சட்டையும் சிரித்த முகமும்தான். உறவினர் வீட்டில் மட்டுமா விருந்தாளிகள்? ஒருவருக்கு ஒருவரே விருந்தாளிகளாகத்தான் அந்த மாதங்களில் நடந்துகொள்கிறார்கள்.

இந்த விருந்துக் காலம் முடிந்த பிறகுதான் முதல் பெரிய சண்டை வருகிறது. எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து திரும்புகிற காரிலேயே தொடங்கியவர்களும் உண்டு. ஆனால் பேசிப் பார்த்தவர்களில் பலரும் சொல்வது கார்த்திகை, மார்கழிக் கதைகளைத்தான்.

சண்டைக்குப் போகுமுன் அதற்கு முந்தைய ஒரு காலத்தைப் பார்க்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இப்போது நான்கைந்து மாதம் இடைவெளி விடுகிறார்கள். மண்டபம் கிடைப்பதைப் பொறுத்து அது நீளும். அந்த மாதங்கள் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிக்கிற போன் பேச்சு. என்ன நிறம் பிடிக்கும், எந்த நடிகர் பிடிக்கும், சின்ன வயதில் எங்கே விழுந்து அடிபட்டது என்று எல்லாம் பேசுகிறார்கள். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாய், கடன் இருக்கிறதா, கோபம் வந்தால் என்ன செய்வாய் என்பதை மட்டும் பேசுவதில்லை. பேசினால் சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று பயம். இதனால் கல்யாண நாளன்று ஒருவரைப் பற்றி ஒருவருக்கு இருக்கும் மதிப்பு உச்சத்தில் நிற்கிறது. அங்கிருந்து இறங்கத்தான் வழி உண்டு.

அந்த இறக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவில் ஒருவர் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்த்தார். டெட் ஹூஸ்டன் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியா மாநிலத்தில் 1981இல் மணம் முடித்த 168 ஜோடிகளைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வந்தார். தொடக்கத்தில் அதிகம் சண்டை போட்டவர்கள்தான் பிரிவார்கள் என்று எவரும் எதிர்பார்ப்போம். ஆனால் பல வருஷம் வாழ்ந்துவிட்டுப் பிரிந்தவர்களில் பலர் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட அதிக மயக்கத்தோடு இருந்தவர்கள். முதல் இரண்டு வருஷத்தில் அந்த அன்பும் நெருக்கமும் வேகமாகச் சரிந்ததுதான் பின்னால் நடக்கப்போவதைக் காட்டியது. அவர்கள் காதலித்து மணந்த வெள்ளைக்கார ஜோடிகள், காலமும் வேறு. ஆனாலும் நிச்சயம் முடிந்து நள்ளிரவு வரை போனில் பேசுகிற நம் பிள்ளைகளுக்கு அதில் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது: சாதாரணமாக ஆரம்பித்தவர்களுக்கு விழ அவ்வளவு உயரம் இல்லை.

சின்னச் சின்ன அதிர்ச்சிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அவை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவருக்கு ராத்திரி மின்விசிறி ஐந்தில் ஓட வேண்டும், அவளுக்கு இரண்டில். அவள் வீட்டில் குழம்புக்குத் தேங்காய் அரைத்து ஊற்றுவார்கள், அவர் வீட்டில் அது விசேஷ நாளுக்கு மட்டும். ஒருவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவார். போனில் மூன்று மணி நேரம் பேசியவர் வேலை முடிந்து வந்து மூன்று வார்த்தை பேசுவார். முதலிரவு சினிமாவில் வருவதுபோல் இருக்காது. கல்யாண அலைச்சலில் இருவரும் தூங்கிப் போவது சகஜம், உடல் நெருக்கம் இயல்பாகச் சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். வலியோ பயமோ தொடர்ந்தால் மகப்பேறு மருத்துவரையோ பாலியல் மருத்துவரையோ பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் மாதம் முதல் வரும் 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது வெளியிலிருந்து வந்து படுக்கையறைக்குள் உட்கார்ந்துகொள்கிற கேள்வி. பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால்தான் மருத்துவம் அதைக் குழந்தைப்பேற்றுச் சிக்கல் என்று கணக்கில் எடுக்கிறது. பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே பரிசோதிக்கச் சொல்வார்கள். ஆகவே இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் மூன்றாம் மாதம் கேட்கப்படும் கேள்விக்கு மருத்துவத்தில் எந்த அர்த்தமும் இல்லை. இதில் வேடிக்கை, கேட்கிற அதே பெரியவர்கள்தான் ஆடியில் பெண்ணைத் தனியாகப் பிரித்துக் கூட்டிப் போனவர்கள். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்.

இனி சண்டை. கீழே வரும் ஜோடி ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் இல்லை. பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து நான் கோத்தது. பெயர் வைக்கவில்லை.

அவர் வீடு தென்காசிப் பக்கம், அவள் வீடு திண்டுக்கல். இருவருக்கும் சென்னையில் வேலை, தாம்பரத்துக்கு அப்பால் வாடகை வீடு. கைக்கு வரும் சம்பளம் அவருக்கு 46,000 ரூபாய், அவளுக்கு 31,000. வாடகை 15,000 அவர் கொடுக்கிறார், மளிகையும் காய்கறியும் மின்சாரமும் அவள். இப்படித்தான் செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசவில்லை, தானாக அமைந்தது. ஆறு மாதத்தில் அவள் மனத்தில் ஒரு எண்ணம் விழுந்திருந்தது: இவர் கொஞ்சம் கஞ்சன். வெளியே சாப்பிடலாம் என்றால் இழுப்பார். குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம் என்றால் அடுத்த மாதம் என்பார். தலைதீபாவளிக்கு அவள் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த சட்டைக்குக்கூட இரண்டு கடை ஏறி இறங்கினார்.

டிசம்பர் 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழரை. காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்ப அவர் போனை எடுத்தாள். திரையில் வங்கியின் குறுஞ்செய்தி: தனிநபர் கடனுக்கான மாதத் தவணை 13,660 ரூபாய், கணக்கில் போதிய பணம் இல்லாததால் எடுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் அவர் ஐந்து லட்ச ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தார். வட்டி 14 சதவீதம், 48 மாதத் தவணை. மாப்பிள்ளை வீட்டார் செலவான வரவேற்பு, தாலிச் சங்கிலி, கூறைப் புடவை எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடந்தன. கடன் முடியும்போது வட்டியாக மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அவர் அம்மா அப்போது சொன்னது: "பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேண்டாம்ப்பா. மரியாதை போயிடும்." வாடகை, தவணை, ஊருக்கு அனுப்பும் 8,000 எல்லாம் போனால் அவர் கையில் மாதம் 9,340 ரூபாய் மிச்சம். கஞ்சத்தனம் என்று அவள் நினைத்தது இதைத்தான். தீபாவளிச் செலவில் அந்தச் சின்ன மிச்சமும் கரைந்து டிசம்பரில் தவணை தவறியது.

அவள் போனை நீட்டிச் சொன்ன முதல் வாக்கியம்: "நீங்க எல்லாத்தையும் மறைக்கிற ஆளா? உங்க குடும்பமே இப்படித்தானா?"

அவர் சொன்ன முதல் வாக்கியம்: "என் போனை எதுக்கு எடுத்தே?"

இந்த இரண்டு வாக்கியங்களிலேயே அந்தச் சாயங்காலம் எப்படி முடியும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மேன் புதுத் தம்பதிகளை ஓர் அறையில் உட்கார வைத்து, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிஷம் பேசச் சொல்லிப் படம் பிடித்தார். இப்படி 124 ஜோடிகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து, சிபில் காரேர் என்பவரோடு சேர்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார். பதினைந்து நிமிஷம் முழுக்கப் பார்க்கத் தேவையில்லை, முதல் மூன்று நிமிஷமே பின்னால் பிரிந்தவர்களையும் சேர்ந்திருந்தவர்களையும் வேறுபடுத்திக் காட்டியது. கடுமையாக ஆரம்பித்த பேச்சு பெரும்பாலும் கடுமையாகவே முடிந்தது.

கடுமை என்றால் குரலை உயர்த்துவது என்று நினைக்க வேண்டாம். குரல் உயர்வது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது. காட்மேன் கவனிப்பது வேறு. நடந்த காரியத்தைச் சொல்கிறோமா, ஆளையே குற்றம் சொல்கிறோமா என்பதை அவர் பார்க்கிறார். "தவணை இருக்குன்னு ஆறு மாசமா என்கிட்ட சொல்லலையே, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்பது முதல் வகை. "நீங்க மறைக்கிற ஆள்" என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. இரண்டாவதற்கு எதிர்த்துத் தாக்குவது ஒன்றுதான் பதில். அதைத்தான் அவர் செய்தார், போனை எடுத்தது குற்றமாகிவிட்டது. ஆளைக் குற்றம் சொல்வதைவிட மோசமானது இளக்காரம்: முகத்தைச் சுளிப்பது, ஒருவர் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுவது, "உனக்கு என்ன தெரியும்" என்பது. உறவைக் கெடுப்பதில் இதற்குத்தான் அவர் முதலிடம் தருகிறார்.

எட்டு மணிக்குள் சண்டை கடனை விட்டு விலகிவிட்டது. மறுவீட்டில் தன் அப்பாவுக்குச் சரியான மரியாதை தரவில்லை என்றாள் அவள். ஆடிக்குப் போனவள் சொன்ன தேதிக்கு வராமல் நான்கு நாள் கழித்து வந்ததை அவர் எடுத்தார். "எங்கப்பா இருபத்தைந்து பவுன் போட்டாரு" என்றாள். "நாங்க கேட்டோமா?" என்றார். ஆறு மாதம் விருந்தாளியாக இருந்தபோது இருவரும் சொல்லாமல் விழுங்கியது எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. முதல் சண்டை இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு இது முக்கியமான காரணம்: அன்றைய விஷயம் ஒன்று, அதற்குள் அடைந்து கிடந்தவை பத்து.

பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் கேட்கக் கேட்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அது திமிராகத் தெரிந்தது. அவர் உடம்புக்குள் நடந்தது வேறாக இருந்திருக்கலாம். காட்மேனும் ராபர்ட் லெவென்சனும் சண்டை போடும் தம்பதிகளின் நாடித் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். துடிப்பு நிமிஷத்துக்கு நூறைத் தாண்டினால் காதில் விழுவது மூளைக்குப் போவதில்லை. நியாயமான வார்த்தைகூட அடியாகவே கேட்கும். அந்த நிலையில் சிலர் கத்துவார்கள், சிலர் கல்லாகிவிடுவார்கள். உடம்பு தணியக் குறைந்தது இருபது நிமிஷம் வேண்டும், அதுவும் அந்த இருபது நிமிஷத்தில் மனத்துக்குள் அதே வசனத்தை ஓட்டிக்கொண்டிருக்காமல் இருந்தால்தான்.

ஒருவர் துரத்த மற்றவர் ஒதுங்க, ஒதுங்க ஒதுங்கத் துரத்தல் கூடுகிற இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார். பெண்தான் துரத்துவாள், ஆண்தான் ஒதுங்குவான் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் கண்டது இன்னும் நுட்பமானது. யாருக்கு மாற்றம் தேவையோ அவர் துரத்துகிறார், இருப்பதே போதும் என்பவர் ஒதுங்குகிறார். நம் வழக்கத்தில் வீடு மாறி வந்தவள் பெண். முதல் வருஷத்தில் மாற்றம் கேட்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் அவள்தான் நிற்கிறாள். அவளைச் சண்டைக்காரி என்று சொல்லுமுன் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

எட்டேகாலுக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். விலகியது தவறில்லை. தணிய வேண்டிய உடம்பு விலகத்தான் வேண்டும். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லாமல் போனது இரண்டாவது காயம். "இப்ப என்னால பேச முடியல, ஒன்பதரைக்கு வந்து பேசறேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் இடைவேளை. சொல்லாமல் போனால், புது வீட்டில் தனியாக நிற்கிற பெண்ணுக்கு அது கைவிட்டுப் போவதாகத்தான் தெரியும்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

நம் ஊர் முதல் சண்டை வெளிநாட்டுப் புத்தகங்களின் சண்டையிலிருந்து பிரிகிற இடம் இதுதான். சியாட்டில் அறையில் இருந்தது இரண்டு பேர். இங்கே ஒன்பது மணிக்குள் ஆறு பேர். அவள் அழுதுகொண்டே சொன்னதை அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சம்பந்திக்குப் போன் போட்டு, "கடன் வாங்கித்தான் கல்யாணம் பண்ணினீங்கன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எந்த மரியாதையைக் காப்பாற்றக் கடனை மறைத்தார்களோ அந்த மரியாதைதான் அந்த ஒரு போனில் போனது. அவர் அம்மா உடனே மகனைக் கூப்பிட்டார்: "வீட்டு விஷயத்தை வெளியில சொல்றவளா அவ?"

பத்து மணிக்கு அவர் திரும்பி வந்தார். வரும்போது பரோட்டா வாங்கி வந்தார், இரண்டு பேருக்கும். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்கள் பரோட்டா வாங்கி வருவார்கள். அவளுக்கும் அது புரிந்தது. சாப்பிட்டார்கள், அதிகம் பேசவில்லை, படுத்தார்கள். சண்டையை முடித்துவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலைநாள் முடிந்து, அழுது, பசித்து, ராத்திரி பதினோரு மணிக்கு 13,660 ரூபாயைப் பற்றி யாராலும் புத்தியோடு பேச முடியாது. நாளைக் காலை பேசுவோம் என்று நேரம் சொல்லிவிட்டுத் தூங்குவதே மேல்.

கணவன் மனைவிக்குள் சண்டை அன்றிரவே பாதி தீர்ந்தது. ஊரில் தீரவில்லை. மகள் அழுதது அம்மாவுக்குத் தெரியும், மறுநாள் காலை சிரித்தது தெரியாது. அதைச் சொல்ல யாரும் போன் செய்வதில்லை. அழைத்து அழுதவர்கள், சமாதானம் ஆனதும் இன்னொரு முறை அழைத்து அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெற்றோர் மனத்தில் மாப்பிள்ளை அந்த வெள்ளிக்கிழமையிலேயே நின்றுவிடுகிறார். பொங்கலுக்குப் போகும்போது மாமனார் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவருக்குப் புரியாது. அடுத்த சண்டை அங்கே ஆரம்பிக்கும். யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிற ஒருவரிடம் சொல்லலாம். கல்யாணமான அக்காவோ பழைய தோழியோ பெற்றோரைவிட இதற்குப் பொருத்தம், அவர்கள் சம்பந்திக்குப் போன் போட மாட்டார்கள்.

இங்கே ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அடிப்பது, அடிக்கக் கையை ஓங்குவது, நகையையும் சம்பளத்தையும் பிடுங்கி வைத்துக்கொள்வது, தாய்வீட்டோடு பேச விடாமல் தடுப்பது, விருப்பமில்லாமல் உடலுறவுக்கு வற்புறுத்துவது, வரதட்சணை கேட்பது இவை எதுவும் முதல் வருஷச் சண்டையில் சேராது. இவற்றுக்குப் பொறுமையும் இருபது நிமிஷ இடைவேளையும் மருந்தில்லை. இப்படி நடந்தால் மேலே சொன்னதை மறந்துவிட்டு முதல் நாளே அம்மாவிடம் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உடலை வருத்துவதை மட்டுமல்ல, சொல்லால் வதைப்பதையும் பணத்தைத் தடுப்பதையும்கூட வன்முறையாகவே கொள்கிறது. அதன்படி பாதுகாப்பு ஆணை கேட்க ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. வித்தியாசத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பயத்தை வைத்து. சண்டைக்குப் பிறகு கோபமும் வருத்தமும் இருந்தால் அது சண்டை. வாசலில் பைக் சத்தம் கேட்டதும் உடம்பு நடுங்கினால் அது வேறு.

நம் ஜோடிக்கு அந்தப் பயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்து முடித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். அந்த யோசனை அவளுடையது. அவர் முதலில் கூச்சப்பட்டார், பிறகு தன் கைப்படவே எழுதினார். வரவு இரண்டு பேருக்கும் சேர்த்து 77,000. அதில் வாடகை 15,000, தவணை 13,660, அவர் ஊருக்கு 8,000, அவள் அம்மாவுக்கு மாதம் அனுப்பும் 3,000. இந்தக் கடைசித் தொகையை அவரிடம் அதுவரை சொல்லவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் சிரித்தார் என்று சொன்னாள். எனக்கு அது முக்கியமான சிரிப்பாகப் படுகிறது. அதையே ஆயுதமாக எடுத்து "நீ மட்டும் யோக்கியமா?" என்று கேட்க அவருக்கு வாய்ப்பு இருந்தது.

பேசி முடித்தது மூன்று. தவறிய தவணையை அபராதத்தோடு அந்த வாரமே அவள் சேமிப்பிலிருந்து கட்டுவது. ஐந்தாயிரத்துக்கு மேல் யார் யாருக்குக் கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன்னால் சொல்வது. அனுமதி கேட்பது என்று எழுதியதை அவர் அடித்துவிட்டுச் சொல்வது என்று மாற்றினார், அவள் ஒத்துக்கொண்டாள். அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேசுவது. இந்த மூன்றாவதுதான் பயன்பட்டது. அவர் தன் அம்மாவை அழைத்து, "அவ சொன்னது தப்பில்லம்மா, நான் சொல்லாம இருந்ததுதான் தப்பு" என்றார். அதை மருமகள் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்த அம்மா காதில் ஏறியிருக்காது.

தீராமல் நின்றது ஒன்று. தன் வீட்டுக் கஷ்டம் தன் கடமை, அதில் மனைவி அபிப்பிராயம் சொல்ல இடமில்லை என்று அவர் உள்ளூர இன்னும் நினைக்கிறார். ஒரு வீடு என்று ஆனபின் கடன் என்றால் இருவருக்கும்தான் என்று அவள் நினைக்கிறாள். இரண்டு பேரும் வளர்ந்த வீடுகள் அப்படி. அவர் அப்பா யாரையும் கேட்காமல் தம்பிகளைப் படிக்க வைத்தவர். அவள் அப்பா மனைவியைக் கேட்காமல் ஒரு கடலைமிட்டாய் வாங்க மாட்டார். காட்மேனின் கணக்குப்படி தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் இப்படிப்பட்டவை, கடைசிவரை தீராதவை. நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அவை தீர்வதில்லை. அதே விஷயத்தை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைந்த சூட்டில் பேசுகிறார்கள், அவ்வளவுதான். முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடவேண்டும் என்று உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போதாது.

அந்தப் பழைய விஷயம் தை மாதத்தில் திரும்ப வந்தது, தலைப்பொங்கலுக்கு அவர் தங்கைக்கு என்ன செய்வது என்ற வடிவில். இந்த முறை அவள் கேட்டது: "எவ்வளவு ஆகும்னு நினைக்கிறீங்க?" அவர் தொகையைச் சொன்னார். அதிகம் என்றாள். குரல் உயர்ந்தது. "கொஞ்சம் பொறு, கீழ போயிட்டு பால் வாங்கிட்டு வரேன்" என்று போனவர் அரை மணி நேரத்தில் பாலோடு வந்தார். திண்டுக்கல்லுக்கும் தென்காசிக்கும் போன் போகவில்லை. தங்கைக்குச் செய்தது அவர் சொன்னதற்கும் அவள் சொன்னதற்கும் நடுவில் ஒரு தொகை, அதில் இருவருக்குமே முழுத் திருப்தி இல்லை.

வைகாசி வந்தால் ஓராண்டு. தவணையில் இன்னும் முப்பத்தாறு பாக்கி. தென்காசியில் அவர் தம்பிக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், வரவேற்பைப் பெரிய மண்டபத்தில்தான் வைக்கவேண்டும் என்று அம்மா பேச்சை எடுத்துவிட்டார். இந்த முறை கடன் யார் பெயரில் என்ற விஷயத்தை அவர் அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கூடாது என்கிறாள் அவள். அவர் இன்னும் ஊருக்குப் பதில் சொல்லவில்லை.